பழைய மடிக்கணினியில் 64 பிட்: அதே டிஸ்க்கிலா, புது எஸ்எஸ்டியிலா, லினக்ஸா?

32 பிட் விண்டோஸை அதிலுள்ள மென்பொருள்களோடு அப்படியே 64 பிட்டாக மாற்ற வழி கிடையாது. விண்டோஸ் 7இலிருந்து 10க்குப் போனபோது எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்ததால், இதுவும் அப்படித்தான் நடக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். 64 பிட் நிறுவியை 32 பிட் விண்டோஸுக்குள் திறந்தால் `This app can't run on your PC` என்ற செய்திதான் கிடைக்கும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் வேறு, டிரைவர்கள் வேறு, மென்பொருள்கள் உட்காரும் கோப்புறைகளும் ரெஜிஸ்ட்ரியின் அடுக்கும்கூட வேறு. புதிதாக நிறுவித்தான் ஆகவேண்டும். எந்த டிஸ்க்கில், எந்த இயங்குதளத்தை என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

ஒரு கணினியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். வீவக வீட்டில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்தும் ஒருவரின் 2011ஆம் ஆண்டு மடிக்கணினி. இன்டெல் கோர் i3-2310M, 4 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ஹோம் 32 பிட், ஆபிஸ் 2010. கூடவே ஒரு பழைய யூஎஸ்பி ஸ்கேனரும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள்களும் இருக்கின்றன.

மாற முடியுமா, மாறினால் என்ன லாபம்?

பவர்ஷெல்லில் இதைத் தட்டுங்கள்:

```
Get-CimInstance Win32_Processor | Select-Object Name, AddressWidth, DataWidth
```

`AddressWidth` இப்போது ஓடும் விண்டோஸைச் சொல்கிறது, `DataWidth` பிராசசரைச் சொல்கிறது. முதலாவது 32, இரண்டாவது 64 என்று வந்தால் மாறலாம். இரண்டுமே 32 என்றால் கதை அங்கேயே முடிந்தது, கீழே உள்ள எதுவும் அந்தக் கணினிக்குப் பொருந்தாது. நம் i3 மாறக்கூடியதுதான்.

லாபம் ரேமில் இருக்கிறது. 32 பிட் விண்டோஸ் 10ஆல் 4 ஜிபி முகவரிக்கு மேல் எட்ட முடியாது. அதிலும் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸ் முதலிய வன்பொருள்கள் எடுத்துக்கொள்வதால், 4 ஜிபி பொருத்தியிருந்தும் மூன்றேகால் ஜிபி அளவே பயன்படக்கூடியது என்று `About` பக்கம் காட்டும். 64 பிட்டுக்குப் போனால் அந்த மிச்சம் கிடைக்கும். ஆனால் 64 பிட் விண்டோஸே கூடுதல் ரேம் கேட்கும். 32 பிட் மென்பொருள்களை ஓட்ட இன்னொரு தொகுதி நூலகங்களையும் ஏற்றிவைக்கும். அதனால் 4 ஜிபியோடு நிறுத்திக்கொண்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 2 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் மாற்றவே வேண்டாம், இன்னும் மெதுவாகும். நம் கணினியில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 மடிக்கணினி ரேம் போட்டு 8 ஆக்கினால்தான் மாற்றத்துக்குப் பொருள் உண்டு. இந்த வகை ரேம் இப்போது பெரும்பாலும் பழைய சரக்காகவே கிடைக்கும். சிம் லிம் ஸ்குவேரில் கேட்டுப் பார்க்கலாம், கரோசலிலும் தேடலாம். வாங்கும்முன் ஏற்கெனவே இருக்கும் ரேம் ஒட்டுத்தாளில் PC3 என்றிருக்கிறதா, PC3L என்றிருக்கிறதா என்று பார்த்து, அதே வகையை வாங்குங்கள்.

அதே டிஸ்க்கா, புது எஸ்எஸ்டியா?

அதே ஹார்ட் டிஸ்க்கில் நிறுவினால் செலவில்லை. யூஎஸ்பியிலிருந்து துவக்கி, பழைய பகிர்வை ஃபார்மட் செய்யாமல் அதன்மேலேயே நிறுவினால், பழைய விண்டோஸும் பயனர் கோப்புகளும் `Windows.old` என்ற கோப்புறைக்குள் ஒதுக்கப்படும். கோப்புகள் பிழைக்கும், மென்பொருள்கள் பிழைக்காது. அந்தக் கோப்புறையை விண்டோஸ் பிறகு தானே துடைத்துவிடவும் கூடும். பகிர்வுப் பட்டியல் வரும் திரையில் தவறான வரியில் `Delete` அழுத்திவிட்டால் அந்தக் கோப்புறையும் இருக்காது.

புது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 250 ஜிபி அளவு, இந்த வேலைக்குத் தாராளம். பழைய டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு இதில் நிறுவலாம். ஏதாவது கோளாறு என்றால் பத்து நிமிடத்தில் பழைய டிஸ்க்கைத் திருப்பி மாட்டி அன்றைய வகுப்பை நடத்திவிடலாம். வேகத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் திரும்பிப் போக ஒரு வழி இருப்பதே இதில் பெரிய வசதி. எங்கள் தீர்ப்பு தயக்கமில்லாமல் எஸ்எஸ்டி பக்கம். ஒன்றை மட்டும் தவிர்க்கவேண்டும்: எஸ்எஸ்டியோடு வரும் குளோன் மென்பொருளால் பழைய டிஸ்க்கை நகலெடுக்காதீர்கள். 32 பிட்டே வேகமான டிஸ்க்கில் வந்து உட்காரும், அவ்வளவுதான்.

யூஎஸ்பி தயாரிப்பதில் பலர் வழுக்குவது ஒரே இடத்தில்தான். மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை 32 பிட் கணினியில் ஓட்டினால், அது அந்தக் கணினிக்கு ஏற்றதென்று 32 பிட்டையே தேர்ந்துவைத்திருக்கும். `Use the recommended options for this PC` என்பதில் உள்ள குறியை நீக்கி, `Architecture` வரிசையில் `64-bit (x64)` என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். 8 ஜிபி யூஎஸ்பி போதும், அதிலிருப்பது அழிந்துவிடும்.

உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். `Activation` பக்கத்தில் டிஜிட்டல் உரிமம் என்று இருந்தால், அது மதர்போர்டோடு சேர்ந்தது, பிட் கணக்கு அதற்கு இல்லை. சாவி கேட்கும்போது `I don't have a product key` என்பதை அழுத்தி, பழையபடி ஹோம் பதிப்பையே தேர்ந்தெடுத்தால், இணையத்தில் இணைந்ததும் தானே செயல்படும். ப்ரோவைத் தேர்ந்தால் செயல்படாது. ஆனால் கணினியில் இன்னும் விண்டோஸ் 7 தான் ஓடுகிறது என்றால் நிலைமை வேறு. அந்தச் சாவியைக் கொண்டு விண்டோஸ் 10ஐச் செயல்படுத்தும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023இல் மூடிவிட்டது.

நிறுவும்போது டிஸ்க்கில் எம்பிஆர் என்ற பழைய வகைப் பகிர்வு இருப்பதால் நிறுவ முடியாது என்று செய்தி வந்தால், யூஎஸ்பி யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் துவங்கியிருக்கிறது என்று பொருள். புது எஸ்எஸ்டியில் பகிர்வுகளை அழித்துவிட்டுத் தொடரலாம். பழைய டிஸ்க்கில் அப்படிச் செய்தால் கோப்புகள் போய்விடும். துவக்கப் பட்டியலுக்குத் திரும்பி, அதே யூஎஸ்பியின் பெயரில் `UEFI` என்ற சொல் இல்லாத வரியைத் தேர்ந்தெடுங்கள்.

எவை திரும்ப நிறுவப்படவேண்டும்?

எல்லாமே. ஆபிஸ் 2010க்கு அதன் சாவி கையில் இருக்கவேண்டும். அதன் 32 பிட் பதிப்பு 64 பிட் விண்டோஸில் தடையில்லாமல் ஓடும், பழைய துணைச் செருகல்கள் இருந்தால் அதுவே நல்லது. குரோமில் சேமித்த கடவுச்சொற்களைச் சுயவிவரக் கோப்புறையை நகலெடுத்துக் கொண்டுவர முடியாது. அவை பழைய விண்டோஸ் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை. மாற்றுவதற்கு முன்பே ஒத்திசைவைப் போட்டுவிடுங்கள், அல்லது ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

தமிழ் வினாத்தாள்களில் இரண்டு விஷயங்கள் குழம்பிக்கொள்கின்றன. எழுத்துருக்களுக்குப் பிட் வேறுபாடு கிடையாது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பது `mk;kh` என்று தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்படவேண்டாம், பழைய டிஸ்க்கின் `Windows\Fonts` கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்துப் போட்டால் சரியாகிவிடும். தட்டச்சு மென்பொருள் அப்படியல்ல. ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் தன் நூலகத்தைச் செருகி வேலை செய்யும் பழைய 32 பிட் உள்ளீட்டுக் கருவி, 64 பிட் மென்பொருளுக்குள் நுழைய முடியாது. 32 பிட் வேர்டில் தமிழ் வரும், பக்கத்திலேயே நோட்பேடில் ஆங்கிலம் வரும். இந்த அறிகுறியைக் கண்டால் நிறுவலைத் திரும்பச் செய்யாதீர்கள். யூனிகோடு போதும் என்றால் விண்டோஸிலேயே உள்ள தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய குறியீட்டிலேயே தட்டச்சு செய்யவேண்டுமானால் அந்தக் கருவியின் 64 பிட் பதிப்பைத் தேடுங்கள்.

டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடா. டாஸ்பாக்ஸ் சிலவற்றைக் காப்பாற்றும்.

ஸ்கேனர்தான் முடிவெடுக்கும்

32 பிட் மென்பொருள் 64 பிட் விண்டோஸில் ஓடலாம், 32 பிட் டிரைவர் ஓடாது. டிரைவர் கர்னலுக்குள் ஏறவேண்டியது, அங்கே கலப்புக்கு இடமில்லை. தயாரிப்பாளர் 64 பிட் டிரைவர் வெளியிடாமல் விட்ட ஸ்கேனர்கள் நிறைய உண்டு. டிரைவர் குறுவட்டு இருந்தால் நிறுவும் முன்பே சோதிக்கலாம். அதிலுள்ள `.inf` கோப்பை நோட்பேடில் திறந்து `NTamd64` என்று தேடுங்கள். இருந்தால் 64 பிட்டுக்கும் எழுதப்பட்டது. இன்டெல் பிராசசருக்கும் அதே பெயர்தான், ஏஎம்டி என்று இருப்பதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். அந்தச் சொல் எந்த `.inf` கோப்பிலும் இல்லையென்றால் அது 32 பிட்டுக்கு மட்டும். மடிக்கணினியின் வைஃபை டிரைவரையும் முன்னதாகவே யூஎஸ்பியில் எடுத்துவைத்தால் நல்லது.

64 பிட் லினக்ஸ் முந்திக்கொள்வது இந்த இடத்தில்தான். லினக்ஸில் பழைய ஸ்கேனர்களுக்கான டிரைவர்கள் பெரும்பாலும் திறந்த மூலத்தில் உள்ளவை, 64 பிட்டுக்கே தொகுக்கப்பட்டு உடன் வருகின்றன. விண்டோஸ் கைவிட்ட ஸ்கேனர் அதில் வேலை செய்வது புதிதல்ல. லினக்ஸ் மின்ட் 22ஐ யூஎஸ்பியில் போட்டு, நிறுவாமலே துவக்கி, ஸ்கேனரைச் செருகி, உள்ளேயே இருக்கும் ஸ்கேன் செயலியில் ஒரு பக்கத்தை எடுத்துப் பார்க்கலாம். டிஸ்க்கில் எதுவும் மாறாது. விண்டோஸில் இப்படி ஒரு முன்னோட்டம் கிடையாது. தமிழ்99 உள்ளீட்டை ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகச் சேர்க்கலாம், பழைய எழுத்துருக்களும் லிப்ரே ஆபிஸில் தெரியும். குறை வேர்ட் கோப்புகளில் வரும். கட்டங்களும் கோடிட்ட இடங்களும் நிறைந்த வினாத்தாளில் பக்க அமைப்பு நகர்ந்துவிடும். அச்சடிக்கும் முன் ஒவ்வொன்றையும் பார்க்கவேண்டியிருக்கும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொள்ளும் நீட்டிப்பில் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு, அதற்கு 22H2 பதிப்பில் இருக்கவேண்டும். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. நம் i3 அதன் பட்டியலில் இல்லை, அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இந்த மடிக்கணினியில் இல்லை. சோதனையைத் தாண்டிப் போகும் குறுக்குவழிகள் உண்டு; திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. சிங்பாஸ், வங்கி என்று போகும் கணினியில் அதை நாங்கள் செய்யமாட்டோம்.

ஆகவே நம் ஆசிரியரின் கணினிக்கு: எஸ்எஸ்டியும் 4 ஜிபி ரேமும் வாங்கலாம். ஸ்கேனர் மின்டில் ஓடி, வினாத்தாள்கள் ஒழுங்காகத் தெரிந்தால் மின்ட். பக்க அமைப்பு தாங்கவில்லை, `NTamd64`உம் இருக்கிறது என்றால் 64 பிட் விண்டோஸ் 10, நீட்டிப்போடு. ஸ்கேனர் இரண்டிலும் ஓடவில்லையென்றால் பழைய 32 பிட் டிஸ்க்கை ஸ்கேன் செய்ய மட்டும் மாட்டி, வைஃபையை அணைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். அந்த டிஸ்க்கைத் துடைத்து மின்கழிவுப் பெட்டியில் போடும் முடிவைச் சில மாதம் தள்ளிவையுங்கள்.