பெட்டி இழைக்கிற வீடியோவுக்குக் கைதட்டலா, ஹம்மிங்கா?

பனையோலைப் பெட்டி இழைப்பதை 30 செக்கனில் காட்டப் போகிறீர்கள், பின்னணி ஒலியையும் நீங்களே பதியப் போகிறீர்கள் என்று வையுங்கோ.

வெட்டு: நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் மொத்தம் 40 தட்டு. நான்கு தட்டுக்கொருமுறை, அதாவது 3 செக்கனுக்கொருமுறை, காட்சியை மாற்றலாம். ஹம்மிங்கில் வெட்டுமிடம் இவ்வளவு தெளிவாகப் பிடிபடாது.

பதிவு: தட்டும்போது போன் ஒன்றரை மீற்றர் தள்ளியிருக்கட்டும், கிட்ட வைத்தால் ஒலி உடைந்து கரகரக்கும். சீமெந்து விறாந்தை எதிரொலிக்கும், மெத்தை கிடக்கும் அறை நல்லது. ஹம்மிங்குக்கு ஒரு சாண் போதும், மூக்குக்கு நேரே மட்டும் வேண்டாம்.

உரிமை: தட்டலில் மெட்டே இல்லை. ஹம்மிங்கில் கேட்டுப் பழகிய சினிமாப் பாட்டு தானாக நுழையும். முனகினாலும் அது இரவல் மெட்டுத்தான். பதிந்ததை இன்னொருவருக்குப் போட்டு, எந்தப் பாட்டென்று கேளுங்கோ. பெயர் சொன்னால் அழித்துவிடுங்கோ.

விரல் வேலைக்குத் தட்டல். பேச்சில்லாத யாழ்ப்பாணப் பண்ணைக் கடல் அந்திக் காட்சிக்கு ஹம்மிங்.