ஹெட் கட்டும் தேர்வு: செக்லிஸ்ட்டா, ஜாப் மார்க்கா?

டீசல் மெக்கானிக் பிரிவில் செய்முறைக்கு மதிப்பெண் போட இரண்டு வழி இருக்கிறது. மாணவர் வேலையை முடித்த பிறகு, முடிந்த வேலையை அளந்து பார்த்துப் போடுவது ஒன்று. எங்கள் பட்டறையில் அதை ஜாப் மார்க் என்போம். அவர் வேலை செய்யும்போதே பக்கத்தில் நின்று, முன்கூட்டி எழுதிய வரிகளில் செய்தார், செய்யவில்லை என்று குறிப்பது இன்னொன்று. அது செக்லிஸ்ட். பல ஆண்டு ஜாப் மார்க்கை மட்டுமே நம்பியிருந்தேன். இப்போது சிலிண்டர் ஹெட் கட்டும் வேலைக்கு செக்லிஸ்ட்டுக்கு மாறிவிட்டேன். இரண்டு பேட்ச்தான் ஆகியிருக்கிறது. ஆனாலும் திரும்பிப் போக மனமில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாப் மார்க்குக்கு நேரம் குறைவு. இருபது பேரின் வேலையை ஒரே மாலையில் பார்த்துவிடலாம். செக்லிஸ்ட்டுக்கு ஆள் பக்கத்தில் நின்றாக வேண்டும், ஒரு நாளில் ஐந்தாறு பேருக்கு மேல் முடியாது. ஜாப் மார்க்கில் அளவு பேசும். செக்லிஸ்ட்டில் பார்ப்பவரின் கண் பேசும். இதெல்லாம் உண்மைதான். ஃபிட்டர் பிரிவில் ராவி எடுத்த சதுரத் துண்டு என்றால் நானும் ஜாப் மார்க்கைத்தான் சொல்வேன். துண்டின் அளவு, மூலைமட்டம், பரப்பின் வழவழப்பு, இணைத் துண்டோடு பொருந்துவது எல்லாம் அந்த இரும்பிலேயே இருக்கின்றன. அரத்தை எப்படிப் பிடித்தார் என்று தனியாகப் பார்க்கத் தேவையில்லை. பிடித்த விதம் பரப்பில் தெரிந்துவிடும்.

ஹெட் கட்டுவது அப்படியில்லை. முடிந்த வேலையில் தவறு தெரியாது. நான் மாறியதற்கு இந்த ஒரு காரணம்தான், மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

எங்கள் பயிற்சி இன்ஜினில் நான்கு சிலிண்டர், ஹெட்டுக்குப் பத்து போல்ட். கையேட்டின்படி மூன்று சுற்றில் இறுக்க வேண்டும்: முதலில் 40 நியூட்டன் மீட்டர், பிறகு 70, கடைசியில் 100. ஒவ்வொரு சுற்றிலும் நடு போல்ட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறிமாறி ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் கேஸ்கட் நடுவில் சீராகப் படியாமல் மாட்டிக்கொள்ளும், ஹெட்டும் லேசாக வளையும். ஒரே மூச்சில் 100-க்குப் போனாலும் கெடுதல்தான். ஒரு போல்ட்டை முழுதாக இறுக்கும்போது கேஸ்கட் அமுங்குகிறது. அதனால் முன்பே இறுக்கிய பக்கத்து போல்ட்டின் இழுவிசை குறைந்துபோகும். மூன்று சுற்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

வேலை முடிந்த பிறகு என்ன பார்க்க முடியும்? டார்க் ரெஞ்சை 100-க்கு வைத்து ஒவ்வொரு போல்ட்டிலும் போட்டுப் பார்க்கலாம், ‘டிக்’ என்று அடிக்கிறதா என்று. நான் பல வருடம் அதைத்தான் செய்தேன். ஆனால் 140-க்கு இறுக்கிய போல்ட்டும் 100-ல் ‘டிக்’ என்றுதான் அடிக்கும். அளவுக்கு மேல் போனதை அந்த ரெஞ்சு சொல்லாது. கொஞ்சம் குறைவாக இருக்கும் போல்ட்டும் சில நேரம் அசையாமலே ‘டிக்’ அடித்துவிடும். நின்றுபோன மரையை மறுபடி அசைக்கக் கூடுதல் விசை வேண்டும் என்பதால் அப்படி ஆகிறது. எந்த வரிசையில் இறுக்கினார், எத்தனை சுற்று போனார் என்பதற்கு முடிந்த ஹெட்டில் ஒரு தடயமும் இல்லை.

இரண்டு மாணவர்களின் கணக்கைச் சொல்கிறேன். ஒருவர் பாம்பன், இன்னொருவர் தேவிபட்டினம். இரண்டு வீட்டிலும் கடல் தொழில். பழைய முறையில் ஜாப் மார்க் நூறு: டார்க் பார்ப்பதற்கு 40, கேஸ்கட், குழாய்கள் பொருத்தியதற்கு 20, இன்ஜினை இருபது நிமிடம் ஓட்டிக் கசிவு பார்க்க 30, நேரத்துக்கு 10. பாம்பன் பையன் சீக்கிரம் முடித்தார். ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்ததற்கு 5 போனது. ஆக 95. தேவிபட்டினம் பையனும் அதே கிளிப்பில் 5 இழந்தார். நேரம் அதிகம் எடுத்ததால் அதில் 3 தான் கிடைத்தது. ஆக 88. இரண்டு இன்ஜினும் சொட்டுக் கசிவில்லாமல் ஓடின.

அன்று முதல் முறையாக செக்லிஸ்ட்டையும் கையில் வைத்திருந்தேன். பாம்பன் பையன் முன்பக்க மூலையில் தொடங்கி வட்டமாகச் சுற்றி வந்தார், அதுவும் நேராக 100-ல். பன்னிரண்டு வரியில் எட்டு சரி. விழுக்காட்டில் 67 வரும், செய்முறைத் தேர்ச்சிக்கு வேண்டிய 60-ஐத் தாண்டிவிடும். ஆனால் அவர் விட்ட நான்கில் இரண்டு, நடுவில் தொடங்குவதும் மூன்று சுற்றும். தேவிபட்டினம் பையன் பதினொன்று சரி. ஒவ்வொரு சுற்றுக்கும் கையேட்டின் படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ததால்தான் அவருக்கு நேரம் போயிருக்கிறது.

சந்தேகம் தீர ஒரு கேஸ்கட்டைச் செலவழித்தேன். பாம்பன் பையன் கட்டிய ஹெட்டை மறுநாள் இறக்கினோம். கேஸ்கட்டில் சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக வளையம் அழுந்திய தடம் ஓரங்களில் ஆழமாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே மங்கலாக இருந்தது. இன்னொரு ஹெட்டை இறக்க என்னிடம் கேஸ்கட் இல்லை. அதனால் அது எப்படி அழுந்தியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. முடிந்த வேலையைப் பிரித்துப் பார்த்தே மதிப்பெண் போடலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான்: ஆளுக்கு ஒரு கேஸ்கட் செலவு.

இருபது நிமிட ஓட்டத்தில் அந்தத் தடம் கசிவாகாது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பாரம் ஏறிய பிறகுதான் நடுவில் வழி திறக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகளின் இன்ஜின் வேலையெல்லாம் அந்த 61 நாளில்தான் நடக்கும். எங்கள் மாணவர்கள் கையாளாகப் போவதும் அப்போதுதான். அங்கே தப்பாகக் கட்டிய ஹெட் கரையில் ஓட்டிப் பார்க்கும்போது நன்றாகவே இருக்கும். தொழிலுக்குப் போன பிறகு தண்ணீர்த் தொட்டியில் குமிழி வரும், தண்ணீர் குறையும், வெள்ளைப் புகை வரும், ஆயில் பால் கலந்த மாதிரி ஆகும். அப்போது படகு கரையில் இருக்காது. படகின் சொந்தக்காரரான சம்மாட்டிக்குச் செலவு, படகில் இருப்பவர்களுக்கு ஆபத்து. 95 வாங்கிய பையனுக்குத் தான் எங்கே தவறினோம் என்றே தெரியாது, நான்தான் அவருக்கு 95 கொடுத்தேன்.

அதனால் பன்னிரண்டில் மூன்று வரிகளுக்கு நட்சத்திரம் போட்டேன். ஹெட், பிளாக் பரப்புகளைத் துடைத்து, போல்ட் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கவில்லை என்று பார்ப்பது, நடுவில் தொடங்குவது, மூன்று சுற்று. இவற்றில் ஒன்று போனாலும் மொத்த மதிப்பெண் எதுவாயினும் மறுபடி செய்ய வேண்டும். துளையை ஏன் சேர்த்தேன் என்றால், அடி மூடிய துளையில் எண்ணெய் நின்றால் போல்ட் அதைத்தான் அழுத்தும். ரெஞ்சு ‘டிக்’ அடிக்கும், ஹெட் அழுந்தாது. சில நேரம் பிளாக்கே விரிசல் விடும்.

செக்லிஸ்ட்டின் பலவீனம் எனக்கு முதல் வாரமே தெரிந்தது. உடன் பணிபுரியும் ஆசிரியரும் நானும் ஒரே மாணவரைத் தனித்தனித் தாளில் குறித்தோம். பன்னிரண்டில் எட்டில்தான் ஒத்துப்போனோம். ஒத்துப்போகாத நான்கையும் எடுத்துப் பார்த்தால் எல்லாமே ‘சரியாக’, ‘கவனமாக’ என்று எழுதிய வரிகள். ‘போல்ட்டுகளைச் சரியாக இறுக்கினார்’ என்ற வரியில் அவர் ரெஞ்சு பிடித்ததைப் பார்த்திருக்கிறார், நான் வரிசையைப் பார்த்திருக்கிறேன். அந்த நான்கையும் கண்ணால் கண்டு ஆம், இல்லை என்று சொல்லும்படி மாற்றினோம்: ‘முதல் போல்ட் நடு போல்ட்’, ‘ரெஞ்சின் அளவை ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றினார்’, இப்படி. அடுத்த முறை பதினொன்றில் ஒத்துப்போனோம். மாணவர் ஒருவர், தாள் ஒன்று என்பதால் இதைப் பெரிய நிரூபணமாகச் சொல்ல மாட்டேன். வரியின் வார்த்தை எவ்வளவு முக்கியம் என்பது மட்டும் புரிந்தது.

இன்னொரு சிக்கல் என் முகம். “சார், இதுதானே முதல் போல்ட்?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். தலையாட்டினால் அந்த வரிக்கு அர்த்தமில்லை. இப்போது பக்கவாட்டில், அவர்கள் என் முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில் நிற்கிறேன். குறிப்புக் கொடுக்க வேண்டி வந்தால் அந்த வரியில் ‘கு’ என்று எழுதி பாதி மதிப்பெண். குறிப்பதையும் அங்கேயே அப்போதே செய்துவிட வேண்டும். மாலையில் நினைவிலிருந்து போட்டால், நல்ல பையன் என்று மனதில் இருப்பவருக்கு எல்லா வரியிலும் சரி விழும்.

ஜாப் மார்க்குக்கு நான் மறுக்க முடியாத ஒரு நன்மை உண்டு. வேலை மேசையில் அப்படியே இருக்கும், மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் இன்னொருவர் வந்து மறுபடி பார்க்கலாம். செக்லிஸ்ட்டில் பார்த்தது போய்விட்டது, தாள் மட்டும்தான் மிச்சம். இதற்கு ஒரு பாதி வழி கண்டுபிடித்தோம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் போல்ட் தலையில் வேறு நிறப் புள்ளி வைக்கச் சொன்னோம். மூன்று நிறம் இருந்தால் மூன்று சுற்று. ஆனால் எந்த போல்ட் முதலில் என்பதை அது சொல்லாது. அதற்கு ஆள் நின்றுதான் ஆக வேண்டும்.

நேரக் கணக்கில் முழு வேலையையும் பார்ப்பதில்லை. துடைக்கும்போது ஐந்து நிமிடம், கேஸ்கட் வைக்கும்போது ஒரு நிமிடம், இறுக்கும்போது பதினைந்து நிமிடம். இடையில் மற்ற மேசைக்குப் போய்விடுவேன். அந்தக் கட்டம் வந்ததும் மாணவரே கை தூக்கிக் கூப்பிட வேண்டும், நான் வராமல் தொடங்கக் கூடாது. கடைசியில் செக்லிஸ்ட்டுக்கு 60, கசிவுக்கும் பொருத்தத்துக்கும் 40. நேரத்துக்கு மதிப்பெண்ணை எடுத்துவிட்டேன். பாம்பன் பையன் மூன்று சுற்றை ஒன்றாக்கியதற்கு அந்தப் பத்து மதிப்பெண்ணும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

டேப்பட் அட்ஜஸ்ட் செய்வதற்கு இன்னும் ஜாப் மார்க்கே வைத்திருக்கிறேன். இன்ஜினைக் கையால் சுற்றி, நான்காவது சிலிண்டரின் வால்வுகள் மாறும் இடத்தில் நிறுத்தி, முதல் சிலிண்டரில் நானே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் இடைவெளி சரியா என்று தெரிந்துவிடுகிறது. வெல்டிங் பிரிவில் எது நல்லது என்று சொல்லும் அளவுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

போன தடைக்காலத்தில் மண்டபத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் அந்தத் தாளைக் கொடுத்து, எங்கள் மாணவர் ஹெட் கட்டும்போது குறித்துத் தரச் சொன்னேன். பத்து வரியைக் குறித்துவிட்டு இரண்டை விட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “அந்த நேரம் நான் நங்கூரக் கயிறு பார்க்கப் போயிட்டேன் தம்பி, பார்க்காததுக்கு எப்படி டிக் போடுறது?” என்றார். அந்த இரண்டில் ஒன்று நட்சத்திர வரி. மாணவரை மறுநாள் அதே போல்ட்டுகளைத் தளர்த்தி, புதுக் கேஸ்கட்டில் என் முன்னால் மறுபடி கட்டச் சொன்னேன்.