வாட்ஸ்அப் படத்தை 12 அடி ஃபிளெக்ஸுக்குத் தயார் செய்வது: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

பங்குனி உத்திரம் நெருங்கிவிட்டால் நெல்லைப் பக்கத்து டிசைன் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் ஒரே மாதிரி வேலைதான். குலதெய்வ சாஸ்தாவின் அலங்காரப் படம் ஒன்று, போன வருடத்து நோட்டீஸின் போட்டோ ஒன்று. இரண்டும் வாட்ஸ்அப்பில் வரும். "அண்ணாச்சி, இதையே பெருசாக்கி 12க்கு 8 அடிச்சிருங்க" என்பார்கள். இதையே பெருசாக்கினால் அசிங்கமாகத்தான் வரும். ஃபைலைப் பிரித்து, பெரிதாக்க வேண்டியதை மட்டும் பெரிதாக்குவதுதான் இதில் உருப்படியான வழி.

முதலில் கணக்கு. வந்த படம் 1200க்கு 1600 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அதை 12 அடி அகலத்துக்கு, அதாவது 144 அங்குலத்துக்கு விரித்தால், அங்குலத்துக்கு 8 பிக்சல்தான் கிடைக்கும். ஒவ்வொரு பிக்சலும் 3 மில்லிமீட்டர் கட்டமாக நிற்கும். அதே படத்தை 4 அடி அகலத்தில் இடது பக்கம் நிறுத்தினால் அங்குலத்துக்கு 25 பிக்சல், அதாவது ஒரு பிக்சல் 1 மில்லிமீட்டர். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நிற்கிறவர் கண்ணுக்கு அந்தப் புள்ளி தனியாகத் தெரியாது. 3 மில்லிமீட்டர் கட்டம் மறைய 35 அடியாவது தள்ளிப் போகவேண்டும். கோயில் வாசலில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது?

ஆனால் பிக்சல் குறைவைவிடப் படத்தை அதிகம் கெடுப்பது ஜேபெக் கட்டம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. 4 அடி அளவில்கூட ஒரு கட்டம் 8 மில்லிமீட்டர் வரும். மாலையின் ஓரத்திலும் கறுத்த சிலையின் கன்னத்திலும் இது சதுரம் சதுரமாகப் பளிச்சென்று தெரியும். பெரிதாக்கிய பிறகு இதைச் சரிசெய்ய முடியாது. ஃபோட்டோஷாப்பின் Preserve Details 2.0 பெரிதாக்குவதில் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் கட்டத்தின் ஓரத்தையும் நுணுக்கம் என்று நினைத்துக் கூர்மையாக்கிவிடும். அதனால் முதலில் சின்ன ஃபைலிலேயே Camera Raw Filter திறந்து Noise Reduction-ஐ 25 அளவில் வையுங்கள். கட்டம் கரைந்து, நகையின் ஓரம் இன்னும் நிற்கிற இடம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் சிலை மெழுகுப் பொம்மை ஆகிவிடும்.

பிறகுதான் Image Size. 48க்கு 64 அங்குலம், அங்குலத்துக்கு 72 என்று கொடுத்தால் 3456க்கு 4608 பிக்சல் வரும். ஏறத்தாழ மூன்று மடங்கு. இதுவரை தாங்கும். நான்கைந்து மடங்கு போனால் தலைமுடி கம்பியாகி, பூவிதழ் விரிசல் விட்ட மாதிரி தெரியும். கூர்மையாக்குவது கடைசி வேலை.

இவ்வளவு பாடுபடுவதற்கு முன் ஒன்று கேட்டுவிடுங்கள்: படம் எடுத்தவர் போனிலிருந்து அதை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம்.

நோட்டீஸில் இருக்கும் பெயர்களை ஒருபோதும் படமாகப் பெரிதாக்காதீர்கள். வரிதாரர் பட்டியல் முழுவதையும் கோரல்டிராவில் திரும்ப அடிப்பதுதான் வழி. வெக்டராக இருந்தால் 2 அங்குல எழுத்தும் 20 அங்குல எழுத்தும் ஒரே சுத்தம். அடித்து, பிழை பார்த்து, ஆள் ஒப்புக்கொண்ட பிறகு Ctrl+Q கொடுத்து கர்வ் ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஃபாண்ட் இல்லாத பிரிண்டிங் கடை கம்ப்யூட்டரில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விடும். கர்வ் ஆக்காத ஒரு பிரதியும் கையில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் ஒரு பெயர் சேர்க்கச் சொல்லி யாராவது வந்தே தீருவார்கள்.

பின்னணியையும் புதிதாகப் போடுங்கள். குங்குமச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வெறும் கிரேடியன்ட் போட்டால் அச்சில் பட்டை பட்டையாக விழலாம். மேலே 3 சதவீதம் Add Noise தூவினால் பட்டை உடையும்.

மொத்த ஃபைல் 10368க்கு 6912 பிக்சலில் முடியும். 150, 300 என்று ஏற்றிக் கொடுப்பதால் ஃபைல் கனக்குமே தவிர, இல்லாத நுணுக்கம் வந்துவிடாது.

அனுப்புமுன் திரையில் ஸ்கேலை வைத்து, ஃபைலின் 1 அங்குலம் ஸ்கேலின் 1 அங்குலத்தோடு பொருந்தும்வரை ஜூம் செய்து, நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் போய்ப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் சாமியின் கண் இருக்கும் ஓர் அடிச் சதுரத்தை மட்டும் மிச்ச ஃபிளெக்ஸில் அடித்துத் தரச் சொல்லலாம். பார்க்கவேண்டியது கண்ணின் வெள்ளை ஓரம்: அது படிக்கட்டு போல இருந்தால் படத்தை 4 அடியிலிருந்து 3 அடிக்கு இறக்கி, காலியாகும் இடத்தைப் பூஜை நேரங்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.