கதவு எண் இல்லாத வீட்டின் முகவரி: பூஜ்யமா, அடையாள இடமா, வரைபடக் குறியீடா?

கதவு எண் கட்டாயம் என்று படிவம் அடம்பிடிக்கும்போது பலரும் 0, 1 அல்லது NA என்று போட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்துக்குப் படிவம் நகர்ந்துவிடும். ஆனால் 1 என்று போட்டால், எண் 1 உள்ள வேறு வீட்டுக்குத் தபால் போகலாம். ஒரு ஆவணத்தில் 0, இன்னொன்றில் NA என்று இருந்தால், சரிபார்ப்பவருக்கு அவை இரண்டு முகவரிகள். எழுத்தை ஏற்கும் கட்டம் என்றால் "எண் இல்லை" என்று எழுதி, எல்லா இடத்திலும் அதையே எழுதுவதுதான் நல்லது. இலக்கம் மட்டும்தான் ஏற்கும் என்றால் 0 போடுங்கள். இல்லாத எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள்.

அடுத்தது அடையாள இடம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஆனால் எழுதுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "தண்ணீர்த் தொட்டி அருகில்" என்றால் தொட்டியைச் சுற்றியுள்ள எல்லா வீடுகளும் அதில் அடங்கும். "தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே போகும் பெயரில்லாச் சந்து, இடப்பக்கம் 2ஆம் வீடு" என்றால் ஒரே வீடுதான். கடையை அடையாளமாகக் கொடுக்க வேண்டாம்; கடை மாறும், பெயர்ப்பலகையும் மாறும். நடுவில் ஒரு வீடு புதிதாக முளைத்தால் இந்தக் கணக்கும் தவறும், அதைக் கவனித்து மாற்ற வேண்டும். இன்னொரு சிக்கல் நீளம். சில அனுப்புச் சீட்டுகளில் ஒரு வரிக்கு 35 எழுத்துதான் அச்சாகும். அதனால் முக்கியமான சொற்களை வரியின் தொடக்கத்திலேயே வையுங்கள்.

மூன்றாவது, பிளஸ் கோடு என்னும் வரைபடக் குறியீடு. கூகுள் மேப்ஸில் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும். முழுக் குறியீடு இப்படி இருக்கும்: 8FVC9G8F+6X. இது சூரிச் நகரில் ஓரிடம். முதல் 4 எழுத்தை விட்டு, 9G8F+6X என்பதோடு ஊர்ப்பெயரைச் சேர்த்தாலும் போதும். 10 எழுத்துக் குறியீடு சுமார் 14 மீட்டர் சதுரத்துக்குள் வீட்டைக் காட்டும். தெருப்பெயரே தேவையில்லை என்பது இதன் பெரிய பலம். ஆனால் நெருக்கமான வீடுகளில் ஒரே சதுரத்துக்குள் இரண்டு வாசல்கள் வரலாம்; எந்த மாடி என்றும் அது சொல்லாது. சில படிவங்கள் + குறியை ஏற்காது, சிலவற்றில் அது இடைவெளியாக மாறிவிடும். அதனால் சேமித்த பிறகு ஒரு முறை திறந்து பாருங்கள்.

அடையாள ஆவணம் என்றால் நான் அடையாள இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். படிப்பவர் மனிதர், கையில் வரைபடம் இருக்காது. வாங்கிய பொருள் வீட்டுக்கு வர வேண்டும் என்றால் அடையாள இடம், பிளஸ் கோடு இரண்டும் வேண்டும்: முதல் வரியில் "எண் இல்லை, தொட்டிக்கு வடக்குச் சந்து", இரண்டாம் வரியில் "இடப்பக்கம் 2ஆம் வீடு", அடையாள இடம் கேட்கும் கட்டத்தில் குறியீடு. அப்புறம், எப்போதும் எடுக்கிற கைபேசி எண்ணையும் கொடுங்கள். சதுரத்துக்குள் வந்து நிற்பவர் கடைசிச் சில மீட்டருக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்.