நகராட்சிக்கு ஒரு மனு: மூன்று நடையில் எழுதிப் பார்த்தால்

ஒரு தெருவில் குடிநீரோடு கழிவுநீர் கலந்து வருகிறது. நகராட்சி ஆணையருக்கு மனு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு மூன்று நடைகள் புழங்குகின்றன. அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதித் தருபவர்களின் பழைய நடை, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுக்கும் கடித நடை, அரசு அலுவலகங்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் நடை. ஒரே விஷயத்தை மூன்றிலும் எழுதிப் பார்த்தால், எது எந்த இடத்தில் உதவுகிறது, எங்கே காலை வாருகிறது என்பது தெரிந்துவிடும்.

முதலில் பழைய மனு நடை. இப்படித் தொடங்கும்:

> கனம் பொருந்திய நகராட்சி ஆணையர் அவர்கள் சமூகத்திற்கு, மேற்படி நகரம் 14-ஆவது வார்டு பிள்ளையார் கோயில் தெருவில் வசித்துவரும் நான் தாழ்மையுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம் என்னவென்றால், எங்கள் தெருவில் குடிநீரானது சாக்கடை கலந்து வருவதாலும், அதனால் குழந்தைகள் நோய்வாய்ப்படுவதாலும், இதுகுறித்துப் பலமுறை நேரில் சொல்லியும் பயனில்லாததாலும்...

வாக்கியம் முடியவே முடியாது. அரைப் பக்கம் ஓடி, "ஏழை எளியவர்களாகிய எங்கள் மீது கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்" என்று நிற்கும். அடியில் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று கையெழுத்து.

இந்த நடையை இன்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. மரியாதை அதிகமாக இருப்பது மட்டும் காரணமில்லை. வரி கட்டுகிறவர் குடிநீர் கேட்பதற்குக் கருணை தேவையில்லை என்பது ஒரு பக்கம். நடைமுறையில் இதைவிடப் பெரிய சிக்கல், எதைச் செய்யச் சொல்கிறோம் என்பது அந்த நீண்ட வாக்கியத்துக்குள் புதைந்துபோவது. "ஆவன செய்யுமாறு" என்றால் என்ன செய்ய வேண்டும்? குழாயை அடைக்கவா, லாரியில் தண்ணீர் அனுப்பவா? மனுவைக் கையில் வாங்கும் எழுத்தர் அதைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. "கீழ்ப்படிதலுள்ள" என்பதும் ஊழியர் மேலதிகாரிக்குப் போடும் முடிப்பு. பொதுமக்கள் எழுதும் மனுவில் அதற்கு வேலையே இல்லை.

அடுத்தது பள்ளி நடை. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், வணக்கம், செய்தி, நன்றி, இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, இடம், நாள், உறைமேல் முகவரி. பத்தாம் வகுப்பு எழுதிய எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த வரிசை இது. எலும்புக்கூடு நன்றாகத்தான் இருக்கிறது. குறை சதையில். தேர்வுக்காக எழுதிப் பழகியதால் உள்ளே வருவது இப்படி இருக்கும்: "எங்கள் பகுதியில் சில நாட்களாகக் குடிநீர் சுத்தமாக வருவதில்லை. இதனால் பொதுமக்கள் மிகுந்த அவதிக்கு உள்ளாகின்றனர். எனவே தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எந்த நாளிலிருந்து, எந்த நேரத்தில் என்று ஒன்றுமே இல்லை. இதைப் படித்துவிட்டு ஒரு பொறியாளர் எங்கே தோண்டுவார்?

மூன்றாவது அலுவலக நடை. அதில் பொருள் வரி இப்படி வரும்:

> பொருள்: குடிநீர் – நகராட்சி – வார்டு 14 – பிள்ளையார் கோயில் தெரு – குடிநீரில் கழிவுநீர் கலத்தல் – சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

முதலில் பார்க்கும்போது தந்தி மாதிரி இருக்கும். ஆனால் இந்த ஒரு வரியின் அமைப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய தலைப்பில் தொடங்கி, இடத்தைக் குறுக்கிக்கொண்டே போய், கடைசியில் கோரிக்கையில் நிற்கிறது. மனு முதலில் தபால் பிரிவுக்குத்தான் போகும். அங்கே தேதி முத்திரை போடுகிறவர் முழு மனுவையும் படித்துக்கொண்டிருக்க முடியாது. பொருள் வரியைப் பார்த்துத்தான் எந்தப் பிரிவுக்கு என்று முடிவு செய்வார். "குடிநீர்" என்று முதலில் இருந்தால் பொறியியல் பிரிவு. "சொத்து வரி" என்றால் வருவாய்ப் பிரிவு. "தக்க நடவடிக்கை எடுக்கக் கோருதல்" என்று மட்டும் இருந்தால், மனு மேசை மேசையாகச் சுற்ற வாய்ப்பு உண்டு.

இதே காரணத்துக்காகத்தான் ஒரு மனுவில் ஒரு விஷயம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். குடிநீரோடு சேர்த்து, தெருவில் சாக்கடை அள்ளவில்லை என்பதையும் வீட்டு வரியில் பெயர் தப்பாக இருப்பதையும் ஒரே தாளில் எழுதினால், அது ஒரு பிரிவுக்குத்தான் போகும். மற்ற இரண்டும் அங்கேயே நின்றுவிடும். மூன்று தாளில் மூன்று மனுவாகக் கொடுப்பதுதான் சரி.

பொருளுக்குக் கீழே வரும் "பார்வை" இன்னும் பயனுள்ளது. ஏற்கெனவே கொடுத்த மனுவின் தேதி, அவர்கள் அனுப்பிய பதிலின் ந.க. எண் ஆகியவற்றை அங்கே குறிப்பிட வேண்டும். ந.க. என்பது நடப்புக் கணக்கு. மனு எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறும்போது கிடைக்கும் எண் அது. இரண்டாவது மனுவில் அந்த எண் இல்லாவிட்டால், அது புது மனுவாகப் பதிவாகிப் பழைய கோப்போடு சேராமலே போகலாம். முதல் மனுவுக்குப் பார்வை தேவையில்லை, விட்டுவிடலாம்.

ஆனால் அலுவலக நடையை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஆபத்து. "மேற்படி", "பார்வையில் காணும் மனுவின்படி", "நடவடிக்கை மேற்கொள்ளப்பட வேண்டும் எனத் தெரிவிக்கப்படுகிறது" என்றெல்லாம் எழுதினால், யார் கேட்கிறார்கள், யார் செய்ய வேண்டும் என்பது மறைந்துவிடும். அதோடு "அறிவுறுத்தப்படுகிறது", "கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" போன்றவை மேலதிகாரி கீழே உள்ளவருக்கு எழுதும் தொனி. பொதுமக்கள் மனுவில் அது அதிகாரம் செய்வதாகத் தெரியும். "கேட்டுக்கொள்கிறேன்" என்ற ஒரு சொல்லிலேயே தேவையான மரியாதை இருக்கிறது.

ஆக, என் தேர்வு இது: வரிசை பள்ளி நடையிலிருந்து, பொருளும் பார்வையும் அலுவலக நடையிலிருந்து, வாக்கியங்கள் நம் சொந்தத் தமிழில்.

இனி விளியும் அடைமொழியும். பெறுநர் பகுதியில் பெயர் வேண்டாம், பதவி போதும். அதிகாரிகள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். பெயர் போட்டு அனுப்பினால், மாறிப்போனவரின் சொந்தக் கடிதம் என்று அது ஓரமாகக் கிடக்கவும் கூடும். "நகராட்சி ஆணையர் அவர்கள்" என்று எழுதினாலே முழு மரியாதை வந்துவிடுகிறது. முன்னால் "உயர்திரு" சேர்ப்பது விருப்பம், தவறில்லை. ஆனால் "மாண்புமிகு" என்பதை அதிகாரிகளுக்குப் போடக் கூடாது. அது முதலமைச்சர், அமைச்சர்கள், சட்டப்பேரவைத் தலைவர் போன்றோருக்கு உரியது. ஆளுநருக்கு "மேதகு", நீதிபதிகளுக்கு "மாண்பமை" என்று தனித்தனி வழக்குகள் உண்டு. மனு எழுதுபவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஆட்சியருக்கு மாண்புமிகு போட்டுவிட்டு, அமைச்சருக்கு உயர்திரு போட்ட மனுக்களைப் பார்த்திருக்கிறேன்.

விளிக்கு "ஐயா" போதும். "மதிப்பிற்குரிய ஐயா" என்பதும் சரிதான். நாற்காலியில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது "ஐயா / அம்மையீர்" என்று இரண்டையும் எழுத வேண்டும். பெண் அதிகாரி என்று தெரிந்தும் பழக்கத்தில் "ஐயா" என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். பல அலுவலகக் கடிதங்களில் "அய்யா" என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் சில எழுத்துகளின் ஐகார வடிவம் மாறினாலும், "ஐ" என்ற எழுத்து அப்படியே நிலைத்தது. எனவே "ஐயா" என்று எழுதுவதே என் பழக்கம். எப்படி எழுதினாலும் யாரும் மனுவைத் திருப்பப் போவதில்லை.

முடிப்பில் "இப்படிக்கு" மட்டும் போட்டாலும் நிறைவுதான். "தங்கள் உண்மையுள்ள" சேர்த்தால் முறைப்படி இருக்கும். அதற்குக் கீழே கையொப்பம், கையொப்பத்துக்குக் கீழே தெளிவாகப் பெயர். முன்னெழுத்தும் தமிழில் இருக்கட்டும். பலர் சேர்ந்து கையெழுத்துப் போடுவதானால், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கதவு எண் வேண்டும். பதில் யாருக்கு வர வேண்டுமோ அவரையே அனுப்புநராகப் போட வேண்டும்.

எல்லாம் சேர்ந்தால் மனு இப்படி வரும்:

> அனுப்புநர்
> (பெயர், கதவு எண்),
> பிள்ளையார் கோயில் தெரு, வார்டு 14,
> (ஊர், அஞ்சல் குறியீட்டு எண், கைப்பேசி எண்)
>
> பெறுநர்
> நகராட்சி ஆணையர் அவர்கள்,
> நகராட்சி அலுவலகம், (ஊர்)
>
> ஐயா / அம்மையீர்,
>
> பொருள்: குடிநீர் – வார்டு 14 – பிள்ளையார் கோயில் தெரு – குடிநீரில் கழிவுநீர் கலத்தல் – குழாயைச் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.
>
> வணக்கம். எங்கள் தெருவில் கதவு எண் 6 முதல் 19 வரை உள்ள வீடுகளில் 02.06.2025 முதல் குடிநீர் கறுப்பாகவும் துர்நாற்றத்துடனும் வருகிறது. காலை 6 மணிக்குத் தண்ணீர் திறந்ததும் முதல் கால் மணி நேரம் இப்படி வருகிறது, பிறகு ஓரளவு தெளிகிறது. எண் 1 முதல் 5 வரை உள்ள வீடுகளில் இந்தச் சிக்கல் இல்லை. எண் 6-க்கு எதிரே உள்ள பாதாளச் சாக்கடை மூடியின் அருகே தரை ஈரமாகவே இருக்கிறது.
>
> எனவே, அந்த இடத்தில் குழாயைச் சோதித்து உடைப்பைச் சரிசெய்யவும், தண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கவும், அதுவரை லாரியில் குடிநீர் வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> நன்றி.
>
> இடம்:
> நாள்: 09.06.2025
>
> இப்படிக்கு,
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம்)
> (பெயர்)
>
> இணைப்பு: ஒளிப்படங்கள் 2

ஐந்தாம் எண் வரை நல்ல தண்ணீர், ஆறிலிருந்து கெட்ட தண்ணீர் என்ற ஒரு வாக்கியம்தான் இந்த மனுவின் உயிர். உடைப்பை எங்கே தேடத் தொடங்கலாம் என்பதை அது சொல்லிவிடுகிறது. தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் போய்விடும், விரிசல் வழியாக வெளியே தேங்கிய கழிவுநீர் உள்ளே இறங்கும், திறந்ததும் முதலில் வருவது அதுதான். கால் மணி நேரக் குறிப்பைப் படித்தவுடனே குழாய் வேலை தெரிந்தவருக்கு இது புரிந்துவிடும். "மிகுந்த அவதி" என்று பத்து முறை எழுதினாலும் இது வராது.

"நகல்: மாவட்ட ஆட்சியர்" என்று முதல் மனுவிலேயே போடுவதைப் பலர் விரும்புகிறார்கள். நான் போடுவதில்லை. ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் நகலும் பெரும்பாலும் அதே ஆணையருக்குத்தான் திரும்பி வரும். முதல் மனுவுக்குப் பதில் வராதபோது, அதைப் பார்வையில் குறிப்பிட்டு எழுதும் இரண்டாவது மனுவில் நகலைச் சேர்த்தால் அதற்கு எடை கூடும். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் அதை நேரில் கொடுக்கலாம்.

கொடுக்கும்போது இரண்டு படிகள் எடுத்துப் போங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது மனுவும் பலிக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை ஆணையருக்கு அல்ல, அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. அங்கே "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் நழுவ இடம் கிடைத்துவிடும். "09.06.2025 தேதியிட்ட என் மனுவின் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல் வேண்டும்" என்று ஆவணத்தைக் கேட்க வேண்டும். முத்திரை போட்ட படியின் நகலையும் அதோடு இணைத்துவிடுங்கள்.