மளிகைக் கடைக் கடன் கணக்கு: நோட்டா, ஆப்பா, எக்செலா, டாலியா?

கடனுக்குச் சரக்கு கொடுத்ததை எழுதி வைக்க எந்த முறையும் போதும். மாதக் கடைசியில் "இவ்வளவு எப்படி வந்துச்சு?" என்று ஒருவர் கேட்கும்போதுதான் முறைகளுக்கு நடுவே வித்தியாசம் தெரியும். அப்போது அவர் கையில் ஒரு தாளைக் கொடுக்க வேண்டும். முன்பாக்கி, ஒவ்வொரு பற்று, ஒவ்வொரு வரவு, ஒவ்வொரு வரியிலும் அதுவரை நின்ற பாக்கி என எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவர் வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாலும் அதே தொகைதான் வர வேண்டும்.

நான்கு முறைகளையும் ஒரே சிக்கலை வைத்துப் பார்க்கலாம். மாடிவீட்டு அக்காவின் முன்பாக்கி 1,240 ரூபாய். 3-ஆம் தேதி 385-க்குச் சரக்கு வாங்கினார், பாக்கி 1,625. 5-ஆம் தேதி 1,000 கொடுத்தார், பாக்கி 625. 9-ஆம் தேதி 212-க்கு வாங்கினார், பாக்கி 837. 10-ஆம் தேதி கல்லாவைச் சுத்தம் செய்யும்போது, 4-ஆம் தேதி போட்ட 160 ரூபாய்ச் சிட்டை ஒன்று அடியில் கிடைக்கிறது. இதை எங்கே எழுதுவது? எங்கே எழுதினாலும் கடைசிப் பாக்கி 997தான். ஆனால் நடுவில் இருக்கும் எண்கள் மாறலாம், சண்டை வருவது அங்கேதான்.

நோட்டில் இதற்கு ஒரே வழிதான்: கடைசி வரியில் "4-ஆம் தேதி விட்டது, 160" என்று எழுதி, 997 போடுவது. பழைய வரி எதுவும் மாறாது. ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, வாடிக்கையாளர் கையிலும் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து இரண்டிலும் எழுதும் கடைகளில் தனியாக ஸ்டேட்மென்டே தேவையில்லை, அந்தச் சின்ன நோட்டுதான் ஸ்டேட்மென்ட். குறை எங்கே என்றால் கூட்டலில். ஒரு வரியில் பாக்கி தப்பினால் அதற்குக் கீழே எல்லாம் தப்பு. பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் பாக்கியைத் தூக்கும் இடத்தில் 1,240 என்பது 1,420 ஆகிவிடுவது ரொம்ப சகஜம். கடை முழுக்க வெளியே எவ்வளவு நிற்கிறது என்பதையும் நோட்டு சொல்லாது.

கத்தாபுக், ஓகேகிரெடிட் போன்ற ஆப்களில் கூட்டல் தப்பாது. கல்லாவில் நின்றபடியே பெயரைத் தொட்டு, தொகையைப் போட்டால் முடிந்தது. காலம் குறிப்பிட்டுக் கணக்கைப் பிடிஎஃப் ஆக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் நம் 160 ரூபாய்ச் சிட்டைக்கு 4-ஆம் தேதியைப் போட்டால், ஆப் அதை நடுவில் செருகி, பின்னால் வரும் பாக்கியை எல்லாம் திருத்திவிடும். 5-ஆம் தேதிப் பாக்கி 785 ஆகிவிடும். அக்காவின் போனில் 5-ஆம் தேதி வந்த செய்தியோ 625 என்கிறது. கணக்குப்படி இரண்டும் சரிதான், ஆனால் அதை அவருக்கு விளக்குவது யார்? அதனால் ஏற்கெனவே சொல்லிவிட்ட பாக்கிக்கு முந்தைய தேதியில் எதையும் செருகாமல் இருப்பதே நல்லது. இன்றைய தேதியில் போட்டு, குறிப்பில் "4-ஆம் தேதிச் சிட்டை" என்று எழுதிவிட வேண்டும்.

ஆப்பில் இன்னொரு தொந்தரவு அச்சு. பிடிஎஃப் ஏ4 தாளுக்கு ஏற்றது. கடையில் இருப்பதோ பெரும்பாலும் 58 மில்லிமீட்டர் ரோல் பில் பிரின்டர். அதில் ஏ4 பக்கத்தைச் சுருக்கி அடித்தால் பூதக்கண்ணாடி வேண்டும். அந்த ரோலில் வழக்கமான எழுத்தளவில் வரிக்கு 32 எழுத்துதான் பிடிக்கும். தேதி, பற்று, வரவு, பாக்கி நான்குக்கும் அது சரியாகப் போய்விடும், பொருள் விவரத்துக்கு இடமில்லை.

எக்செலில் பெரும்பாலானோர் ஆளுக்கொரு ஷீட் போட்டுத் தொடங்குவார்கள். அது நோட்டைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பதுதான், வேறொன்றும் இல்லை. 60 ஷீட் ஆனதும் மொத்தப் பாக்கி எடுக்கவே ஒரு நாள் வேண்டும். எல்லோருக்கும் ஒரே ஷீட் போதும்: A-யில் தேதி, B-யில் வாடிக்கையாளர் எண், C-யில் விவரம், D-யில் பற்று, E-யில் வரவு. F-இன் இரண்டாம் வரியில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=SUMIFS(D$2:D2,B$2:B2,B2)-SUMIFS(E$2:E2,B$2:B2,B2)
```

முதல் வரியிலிருந்து இந்த வரி வரைக்கும், இதே எண்ணுக்குரிய பற்றையும் வரவையும் மட்டும் எடுத்துக் கழிக்கிறது. நடுவில் வேறு நாற்பது பேரின் வரிகள் கலந்திருந்தாலும் கவலையில்லை. ஃபில்டரில் அக்காவின் எண்ணான 17-ஐ மட்டும் தேர்ந்தெடுத்தால், பாக்கி வரிசை அந்த ஆளுக்கு மட்டும் போட்டதுபோலவே படிக்க வரும். அதை அப்படியே பிரின்ட் கொடுத்தால் ஒரு ஸ்டேட்மென்ட்:

| தேதி | விவரம் | பற்று | வரவு | பாக்கி |
|---|---|---|---|---|
| 1 | முன்பாக்கி | 1,240 | | 1,240 |
| 3 | சரக்கு | 385 | | 1,625 |
| 5 | ரொக்கம் | | 1,000 | 625 |
| 9 | சரக்கு | 212 | | 837 |
| 10 | 4-ஆம் தேதிச் சிட்டை | 160 | | 997 |

இங்கே பாக்கி ஓடுவது வரிசைப்படி, தேதிப்படி அல்ல. அதாவது நீங்களாக ஷீட்டைத் தேதிவாரியாக அடுக்கினால் தவிர, பழைய எண்கள் அசையாது. எனக்கு எக்செல் பிடிப்பதற்கு முதல் காரணம் இதுதான். தனியாக ஸ்டேட்மென்ட் ஷீட் வேண்டுமென்றால், முதல் ஷீட்டுக்கு Ledger என்று பெயர் வைத்து, புது ஷீட்டின் B1-இல் எண், B2, B3-இல் தொடக்க, முடிவுத் தேதிகளை வைத்து, A6-இல்:

```
=FILTER(Ledger!A2:F10000,(Ledger!B2:B10000=B1)*(Ledger!A2:A10000>=B2)*(Ledger!A2:A10000<=B3))
```

கூகுள் ஷீட்ஸ், எக்செல் 2021, 365 ஆகியவற்றில் இது ஓடும், பழைய எக்செலில் ஓடாது. B2 தேதிக்கு முந்தைய முன்பாக்கியைத் தனி SUMIFS வைத்து மேலே காட்ட மறக்க வேண்டாம். அது இல்லாமல் தாளைக் கொடுத்தால் முதல் வரியே கணக்கில் உதைக்கும்.

B-யில் பெயரை எழுதாமல் எண் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "முருகன்" என்ற பெயருக்குப் பின்னால் கை தவறி ஒரு இடைவெளி விழுந்தால், எக்செலுக்கு அவர் வேறு ஆள். அந்த வரியின் பாக்கி திடீரென்று பற்றுத் தொகைக்கே சமமாக நிற்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். வரிகள் பத்தாயிரத்தை நெருங்கும்போது ஃபைல் இழுக்கும். அப்போது பாக்கிகளை முன்பாக்கியாக எடுத்துக்கொண்டு புது ஃபைல் தொடங்கிவிட வேண்டியதுதான். எக்செலின் உண்மையான குறை வேறு: கூட்ட நேரத்தில் யாரும் அதில் எழுத மாட்டார்கள். சிட்டைகளை ராத்திரி ஏற்றுவார்கள், ஆகவே மதியம் கேட்டால் அது சொல்வது நேற்றைய பாக்கி.

டாலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜிஎஸ்டி பில் அதில்தான் போகிறது என்றால், ஒவ்வொருவருக்கும் Sundry Debtors-இன் கீழ் ஒரு லெட்ஜர் திறந்தால் போதும். லெட்ஜர் பக்கத்தில் F12 அழுத்தி Show Running Balance-ஐ இயக்கினால்தான் வரிவாரியாகப் பாக்கி வரும். வீட்டுக்காரர்களுக்கு "Dr", "Cr" புரியாது என்பதால், கொடுக்கும்போது வாயால் சொல்ல வேண்டியிருக்கும். கடனுக்காக மட்டும் டாலி வாங்குவது வீண் செலவு.

என் தேர்வு: முப்பது பேருக்குள் கடன் என்றால் இரட்டை நோட்டையே தொடரலாம். அதற்கு மேல் போய், கடையில் கம்ப்யூட்டரும் ராத்திரி அரை மணி நேரமும் இருந்தால் எக்செல். தனி ஆளாகக் கடையைப் பார்ப்பவருக்கு, முந்தைய தேதியில் செருகாத பழக்கத்தோடு ஆப்.

எதுவானாலும் பெரிய பாக்கிக்காரர்களின் தாளை அச்சடித்து, பாக்கித் தொகைக்குக் கீழே தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. அந்தக் கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும். கடைக்காரரின் கணக்குப் பதிவு மட்டும் நீதிமன்றத்தில் தனியாக நிற்காது.