விறகு டிரையரா, கேஸ் டிரையரா: கணக்கை மாற்றிய ஒரு சைபர்

குமுளிப் பக்கம் மச்சானுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறது. பழைய டிரையர் ஓய்ந்துவிட்டதால் இரண்டு கொட்டேஷன் வாங்கியிருந்தார். விறகு டிரையர் 6 லட்சம், கேஸ் டிரையர் 9 லட்சம். எதை வைத்தாலும் உலர்த்துகூலி வருடத்துக்கு 5 லட்சம் வரும். ஆயுள் 5 வருடம், தள்ளுபடி விகிதம் 12 சதவீதம் என்று வைத்து, வரும் வருடங்களின் நிகர வரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்து முதலீட்டைக் கழிக்கும் என்.பி.வி. கணக்கைப் போட்டார். விறகுக்கு 1.21 லட்சம், கேஸுக்கு 2.39 லட்சம். கேஸ்தான் என்று முடிவு செய்து, அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்னிடம் காட்டினார்.

விறகுக்காரர் டிரையரை ஓட்டும் செலவை 'மாதம் 25 ஆயிரம்' என்று எழுதியிருந்தார். கேஸ்காரர் 'மாதம் 15 ஆயிரம், சர்வீஸ் வருடத்துக்கு 40 ஆயிரம்' என்று. மச்சானின் எக்செல் ஷீட்டோ முழுக்க லட்சத்தில். அந்த 40 ஆயிரம் அதில் 0.04 என்று உட்கார்ந்திருந்தது. 0.40 என்று இருக்க வேண்டியது. ஒரு சைபர்தான், ஆனால் வருடத்துக்கு 36 ஆயிரம் செலவு காணாமல் போய், 5 வருடத்தில் கேஸின் மதிப்பு 1.30 லட்சம் ஊதிவிட்டது. திருத்தினால் கேஸ் 1.09, விறகு 1.21. கிட்டத்தட்ட சமம்.

இதைவிடப் பெரிய தப்பு என்றால் கண்ணில் பட்டிருக்கும். மாதச் செலவு 15 ஆயிரத்தை வருடச் செலவாகப் போட்டிருந்தால் என்.பி.வி. 7 லட்சத்தைத் தாண்டும், மச்சானே சிரித்திருப்பார். சின்ன வரியில் நுழையும் தப்புதான் நம்பும்படியான விடையைத் தருகிறது. நான் பிடித்ததும் ஷீட்டைப் பார்த்து அல்ல. ஒவ்வொரு வரியையும் முழு ரூபாயில் வாசிக்கச் சொன்னேன். "சர்வீஸ், வருடத்துக்கு நாலாயிரம்..." என்றவர் நிறுத்திவிட்டார். மெக்கானிக் ஒரு தடவை மலையேறி வந்து போனாலே அதில் பாதி போய்விடுமே!

அப்புறம் இன்னொன்று. 'மாதம்' என்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு 12-ஆல் பெருக்கியிருந்தார். ஸ்டோர் ஓடுவதோ ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை, 8 மாதம். மீதி நாளில் அடுப்பே எரியாது. உலர்த்துகூலி 5 லட்சமும் அந்த 8 மாத வரவுதான். ஆக, விறகு டிரையரை ஓட்டும் செலவு 3 லட்சம் அல்ல, 2 லட்சம். கேஸுக்கு 1.20 லட்சம், சர்வீஸ் 40 ஆயிரம் தனி.

| | விறகு | கேஸ் |
|---|---|---|
| முதலீடு (லட்சம்) | 6.00 | 9.00 |
| வருட நிகர வரவு (லட்சம்) | 3.00 | 3.40 |
| என்.பி.வி. (லட்சம்) | 4.81 | 3.26 |

விறகு ஒன்றரை லட்சம் முன்னே நிற்கிறது. 12 மாதப் பெருக்கல் இரண்டு டிரையரையும் தாழ்த்தியது, ஆனால் மாதச் செலவு அதிகமுள்ள விறகைத்தான் கூடுதலாக அடித்தது. இரண்டு பக்கமும் ஒரே தப்பு என்றால் ஒப்பீடு கெடாது என்று மச்சான் வாதாடினார். இந்த எண்களைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

விறகு கிடைப்பது அரிதானால் என் விடையும் மாறும். மாதச் செலவு 25-லிருந்து 31 ஆயிரத்தைத் தாண்டினால் கேஸ்தான்.